ரவுட்டர் மாறியது, டோக்கன் நின்றது

இன்று சிறிய ஊர்க் கிளினிக்குகளில்கூட டோக்கனை நோட்டில் எழுதுவது குறைந்துவிட்டது. நோயாளி போன் செய்ததும் ரிசப்ஷனில் இருப்பவர் கணினியில் பெயரைப் பதிவு செய்கிறார். உள்ளே டாக்டரின் திரையில் அந்தப் பெயர் வரிசையில் வந்து நிற்கிறது. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு பக்கத்து மருந்துக் கவுன்டரில் தெரிகிறது. வருடக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடும் இந்த ஏற்பாடு, இன்டர்நெட் நிறுவனத்தார் வந்து பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியதும் நின்றுபோகிறது. சிறு அலுவலகங்களின் கணினி இணைப்புகளைப் பார்த்துவரும் எனக்கு இது மிகப் பழக்கமான கோளாறு. இதில் பழுது சிறியது. அதைவிடப் பெரிய சங்கடம், யாரும் அதைத் தன் பொறுப்பாக ஏற்பதில்லை என்பது. அந்த இழுபறியை முடிக்கக்கூடியவர் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர்தான். அவர் எழுதும் ஒரு நல்ல கடிதம் மூன்று நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும்.

ஒரே ஒரு டாக்டர் இருக்கும் கிளினிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே மூன்று கணினிகள் உள்ளன. ஒன்று டாக்டர் அறையிலும் ஒன்று ரிசப்ஷனிலும் ஒன்று மருந்துக் கவுன்டரிலும் இருக்கிறது. மூன்றும் சுவரில் மாட்டிய ஒரு சிறிய ஸ்விட்ச் பெட்டிக்குக் கேபிளில் வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்குப் போகிறது. நோயாளிகளின் பெயர், தேதி, டோக்கன் எண், பழைய சீட்டுகள் எல்லாம் டாக்டர் அறைக் கணினியில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. சாஃப்ட்வேர்காரர்கள் அதை ‘சர்வர்’ என்பார்கள். மற்ற இரண்டு கணினிகளும் ஒவ்வொரு முறையும் அந்தச் சர்வரிடம் கேட்டுத்தான் பட்டியலைக் காட்டுகின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளி இன்டர்நெட் தேவையே இல்லை. எல்லாம் அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தெளிவாகிவிடும்.

இரண்டு பேர், இரண்டு பதில்

சனிக்கிழமை மாலை, டோக்கன் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய ரவுட்டர் மாட்டப்பட்டது. மாட்ட வந்தவர் தன் போனில் வைஃபையைப் பிடித்து வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, “நெட் வந்துடுச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். டோக்கன் புரோகிராமும் இரவு கிளினிக் மூடும்வரை ஓடியது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ரிசப்ஷன் கணினியைப் போட்டு டோக்கன் புரோகிராமைத் திறந்ததும் நீளமான பிழைச் செய்தி வந்தது. மருந்துக் கவுன்டரிலும் அதே செய்தி. வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குப் போன் செய்தால், “மேடம், புரோகிராம்ல ஒண்ணும் இல்ல. உங்க நெட்வொர்க்ல ப்ராப்ளம். நெட்காரங்களைக் கூப்பிடுங்க” என்கிறார்கள். இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்தால், “எங்க லைன் நல்லாத்தான் இருக்கு மேடம், ஸ்பீடும் வருது. இது சாஃப்ட்வேர்காரங்க பாக்க வேண்டியது” என்கிறார்கள்.

இருவரும் பொய் சொல்லவில்லை. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. புரோகிராமும் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது இரண்டுக்கும் நடுவில், கிளினிக்கின் உள் இணைப்பில் இருக்கிறது. அங்கே யாருடைய ஒப்பந்தமும் எட்டுவதில்லை.

முதலில் வரவேற்பாளர் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: “சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை. பேஷன்ட் காத்திருக்கிறார்கள். அவசரம். உடனே சரிசெய்யவும்.” அவசரம் உண்மைதான். ஆனால் வேறொரு ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்கும் சப்போர்ட் ஊழியர் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ரவுட்டர் மாறிய செய்தியே அதில் இல்லை. சனிக்கிழமை இரவுவரை ஓடியதால் ரவுட்டருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிரான அறிகுறி

பழுதைக் காட்டிக்கொடுத்தது வரவேற்பாளர் கவனித்த ஒரு விஷயம். ரிசப்ஷன் கணினியில் கூகுள் திறக்கிறது, வாட்ஸ்அப் திறக்கிறது. டோக்கன் புரோகிராம் மட்டும் திறக்கவில்லை. டாக்டர் அறையில் நேர்மாறு. அங்கே டோக்கன் புரோகிராம் சரியாகத் திறக்கிறது, பழைய பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இன்டர்நெட் மட்டும் வரவில்லை. டாக்டரும் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே கட்டடத்தில், ஒரே ஸ்விட்சில் மாட்டிய இரண்டு கணினிகளில் இப்படி எதிரெதிராக நடந்தால், கேபிள் அறுந்திருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு முகவரி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டன என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.10 என்பதுபோல் நான்கு பகுதிகளுள்ள ஒரு எண் உண்டு. அதுதான் ஐ.பி. முகவரி. கிளினிக் போன்ற சிறிய இடங்களில் முதல் மூன்று பகுதிகளைத் தெருவின் பெயர் என்றும், கடைசிப் பகுதியைக் கதவு எண் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே தெருவில் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். வேறு தெருவுக்குப் போக வேண்டிய செய்தியை ரவுட்டரிடம்தான் கொடுத்தாக வேண்டும்.

பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அது கிளினிக்கின் கணினிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துவந்தது. புதிய ரவுட்டரின் முகவரி 192.168.0.1. அது 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கிறது. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அவசரத்தில் பார்த்தால் கண்ணில் படாது. ஆனால் கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு தெருக்கள்.

இப்படி ஆளுக்கொரு வரிசை வைத்துக்கொள்ள ரவுட்டர் செய்பவர்களுக்குத் தடை ஏதுமில்லை. 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய நெறி ஆவணம், வீடு, அலுவலகம் போன்ற இடங்களின் உள்ளே மட்டும் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுப்புகளை ஒதுக்கியது. 192.168 என்று தொடங்கும் தொகுப்பு அவற்றில் ஒன்று. அதற்குள் எந்த வரிசையை எடுத்துக்கொள்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். இந்த முகவரிகளுக்கு வெளி இணையத்தில் வழி கிடையாது.

இப்போது திங்கள் காலையில் நடந்ததைப் பார்க்கலாம். ரிசப்ஷன் கணினி தானாக முகவரி வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் புதிய ரவுட்டரிடம் கேட்டு 192.168.0.4 என்ற எண்ணை வாங்கிக்கொண்டது. இன்டர்நெட் வந்தது. டாக்டர் அறையில் இருப்பது சர்வர். மற்றவை அதை எப்போதும் ஒரே இடத்தில் தேட வேண்டும் என்பதால், சாஃப்ட்வேரை நிறுவியவர் அதற்கு 192.168.1.10 என்ற எண்ணை நிரந்தரமாகப் பதித்துவிட்டுப் போயிருந்தார். ரவுட்டர் மாறினாலும் அந்த எண் மாறாது. வெளியே போக அது 192.168.1.1-ஐத் தேடுகிறது. அந்த எண்ணில் இப்போது யாரும் இல்லை. ஆகவே அங்கே இன்டர்நெட் இல்லை.

ரிசப்ஷன் புரோகிராமின் அமைப்புகளிலும் சர்வரின் முகவரி 192.168.1.10 என்றே எழுதப்பட்டிருக்கிறது. ரிசப்ஷன் கணினி அதைத் தன் தெருவில் இல்லாத முகவரி என்று எண்ணி, செய்தியை ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. ரவுட்டருக்கு அப்படி ஒரு தெரு தெரியாது. வெளியே அனுப்புகிறது. அங்கே அந்தச் செய்தி கைவிடப்படுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணினியை அது எட்டவே இல்லை.

சனிக்கிழமை இரவுவரை ஏன் ஓடியது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ரவுட்டர் கொடுக்கும் முகவரி ஒரு குறிப்பிட்ட காலத்துக்கான வாடகை போன்றது. பல ரவுட்டர்களில் அது ஒரு நாள்வரை செல்லும். சனிக்கிழமை ரவுட்டரை மட்டும்தான் மாற்றினார்கள். கணினிகளின் கேபிள்கள் ஸ்விட்சிலேயே இருந்தன. ரிசப்ஷன் கணினி காலையில் வாங்கிய பழைய முகவரியை வைத்துக்கொண்டு, பழைய தெருவிலேயே இருந்த சர்வரோடு பேசிக்கொண்டிருந்தது. இரவு அணைத்துவிட்டுத் திங்கள் காலை போட்டபோதுதான் புதிய முகவரி வந்தது. மாற்றம் நடந்த நேரமும் கோளாறு தெரிந்த நேரமும் இப்படி விலகி நிற்பதால்தான் பலர் உண்மையான காரணத்தைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணைப் பார்ப்பது எப்படி

இதை உறுதிசெய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி `cmd` என்று தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இதைத் தட்ட வேண்டும்:

```
ipconfig
```

வரும் பட்டியலில் `IPv4 Address` என்ற வரி அந்தக் கணினியின் முகவரி. `Default Gateway` என்ற வரி, அது ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முகவரி. மூன்று கணினிகளிலும் இதைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டால் போதும். முதல் மூன்று பகுதிகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் வேறாக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு கோளாறு. அந்தக் கணினிக்கு யாரிடமிருந்தும் முகவரி கிடைக்கவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போதுதான் கேபிளையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும்.

இந்த எண்களைக் குறித்துக்கொண்டபின் அந்த வரவேற்பாளர் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கும்.

கடிதம்

பொருள்: ரவுட்டர் மாற்றியபின் அப்பாயின்ட்மென்ட் புரோகிராம் இரண்டு கணினிகளில் திறக்கவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கிளினிக்கில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் புரோகிராம் மூன்று கணினிகளில் இருக்கிறது. டாக்டர் அறையில் இருப்பது சர்வர். ரிசப்ஷனும் மருந்துக் கவுன்டரும் அதிலிருந்து பட்டியலை எடுக்கின்றன.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு இன்டர்நெட் நிறுவனத்தார் ரவுட்டரை மாற்றினார்கள். கணினிகளையோ ஸ்விட்சையோ அவர்கள் தொடவில்லை. அன்று இரவு ஒன்பது மணிவரை புரோகிராம் ஓடியது. இன்று திங்கள் காலை கணினியைப் போட்டதிலிருந்து ரிசப்ஷனிலும் மருந்துக் கவுன்டரிலும் திறக்கவில்லை. வேறு எதையும் நாங்கள் மாற்றவில்லை.

திரையில் வரும் செய்தியின் முதல் வரிகள்: `A network-related or instance-specific error occurred while establishing a connection to SQL Server. The server was not found or was not accessible.` இதன் படத்தை இணைத்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர் எதுவும் அதில் இல்லை.

டாக்டர் அறையில் புரோகிராம் திறக்கிறது. சனிக்கிழமை வரையிலான பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணினியில் இன்டர்நெட் வரவில்லை. ரிசப்ஷனிலும் மருந்துக் கவுன்டரிலும் இன்டர்நெட் வருகிறது, புரோகிராம் வரவில்லை.

`ipconfig` போட்டுப் பார்த்தேன். டாக்டர் அறை: முகவரி 192.168.1.10, கேட்வே 192.168.1.1. ரிசப்ஷன்: முகவரி 192.168.0.4, கேட்வே 192.168.0.1. மருந்துக் கவுன்டர்: முகவரி 192.168.0.6, கேட்வே 192.168.0.1. உங்கள் புரோகிராமின் அமைப்புப் பக்கத்தில் சர்வர் என்ற இடத்தில் 192.168.1.10 என்று இருக்கிறது. ரிசப்ஷனிலிருந்து `ping 192.168.1.10` போட்டால் `Request timed out.` என்று வருகிறது.

டாக்டர் அறைக் கணினி மட்டும் பழைய ரவுட்டரின் எண் வரிசையில் இருப்பதாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்ய ரவுட்டரில் மாற்ற வேண்டுமா, உங்கள் புரோகிராமில் மாற்ற வேண்டுமா என்று நீங்கள் சொல்லுங்கள். ரவுட்டரில் என்றால் இன்டர்நெட் நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அதையே அவர்களுக்கு அனுப்புகிறேன்.

டாக்டர் அறைக் கணினியில் இன்டர்நெட் இல்லாததால் ரிமோட்டில் அதற்குள் வர முடியாது. ரிசப்ஷன் கணினிக்கு வரலாம். பகல் ஒன்றரை முதல் நான்கு வரை நோயாளிகள் இல்லை. அப்போது எனக்குப் போன் செய்தால் கணினி முன்னால் இருப்பேன். அதுவரை டோக்கனை நோட்டில் எழுதுகிறோம். எங்களைக் கேட்காமல் எந்தக் கணினியிலும் புரோகிராமை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம்.

இப்படிக்கு,
வரவேற்பாளர்

இந்தக் கடிதம் என்ன செய்கிறது

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சப்போர்ட் ஊழியர் போனில் கேட்கக்கூடிய கேள்விகள் அனைத்துக்கும் விடை இருக்கிறது. எது மாறியது, எது மாறவில்லை, எந்தக் கணினியில் எது ஓடுகிறது என்று தனித்தனியாகச் சொல்கிறது. “வேலை செய்யவில்லை” என்பதைவிட “இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை” என்பதற்கு மதிப்பு அதிகம். டாக்டர் அறையில் பெயர்கள் இருக்கின்றன என்ற ஒரு வரியே தரவுத்தளம் கெடவில்லை என்று சொல்லிவிடுகிறது. பிழைச் செய்தியை நினைவிலிருந்து சொல்லாமல் அப்படியே எடுத்துக் கொடுத்திருப்பதால், புரோகிராம் சர்வரைத் தேடிப் பார்த்துக் காணாமல் திரும்பியது என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். கடவுச்சொல் பிழை என்றால் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசி வரியையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத சப்போர்ட் ஊழியர்கள் முதலில் செய்ய நினைப்பது, ரிசப்ஷன் கணினியில் புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான். சில புரோகிராம்கள் அப்படி நிறுவும்போது அந்தக் கணினியிலேயே காலியான ஒரு தரவுத்தளத்தை உருவாக்கிக்கொள்ளும். புரோகிராம் திறக்கும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் ரிசப்ஷனில் பதியும் பெயர்கள் டாக்டருக்குத் தெரியாது. இரண்டு பட்டியல்கள் தனித்தனியாக வளரத் தொடங்கும். பின்னால் அவற்றை ஒன்றாக்குவது ரவுட்டர் கோளாறைவிடப் பல மடங்கு தொல்லை.

சரிசெய்யும் வழிகள்

சப்போர்ட் ஊழியருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சர்வருக்குப் புதிய வரிசையில் ஓர் எண்ணைக் கொடுத்து, மற்ற இரண்டு கணினிகளின் அமைப்புப் பக்கத்திலும் அந்த எண்ணை மாற்றி எழுதுவது. இன்னொன்று, புதிய ரவுட்டரையே பழைய வரிசைக்குக் கொண்டுவருவது. இரண்டாவதில் கணினிகளைத் தொட வேண்டியதே இல்லை என்பதால் பெரும்பாலும் அதுதான் சுலபம்.

ரிசப்ஷன் கணினியின் பிரவுசரில் `192.168.0.1` என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அதற்கான பெயரும் கடவுச்சொல்லும் பொதுவாக ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் இன்டர்நெட் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். `LAN` என்ற பகுதியில் ரவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்ற வேண்டும். `DHCP` என்ற பகுதியில், அது தானாகக் கொடுக்கும் எண்களை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று வரையறுக்க வேண்டும். இந்த வரையறை முக்கியம். இல்லாவிட்டால் சர்வருக்குரிய 10-ஆம் எண்ணை, வைஃபையில் வந்து சேரும் யாருடைய போனுக்காவது ரவுட்டர் கொடுத்துவிடக்கூடும். ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் இருந்தால் புரோகிராம் திடீர் திடீரென்று அறுந்துபோகும். அந்தக் கோளாறைப் பிடிப்பது கடினம்.

மாற்றிச் சேமித்ததும் ரவுட்டர் தன்னை அணைத்துப் போட்டுக்கொள்ளும். ரிசப்ஷன் கணினியையும் மருந்துக் கவுன்டர் கணினியையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இப்போது டாக்டர் அறையில் இன்டர்நெட் வந்துவிடும். அந்தக் கணினி தேடிய 192.168.1.1 மறுபடி அங்கே இருக்கிறது. இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றே என்பதற்கு இது கடைசிச் சாட்சி.

ஆனால் இங்கே பலர் இன்னொரு தடையில் முட்டிக்கொள்கிறார்கள். எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன, ரிசப்ஷனில் புரோகிராம் இன்னமும் திறக்கவில்லை. இதற்குக் காரணம் விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு. முகவரி எண்கள் பழையபடியே இருந்தாலும், ரவுட்டர் என்ற கருவி வேறு என்பதை விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்கிறது. தெரியாத புதிய நெட்வொர்க்கில் வந்திருக்கிறோம் என்று எண்ணி, அதை `Public network` என்று வகைப்படுத்துகிறது. ரயில் நிலையத்து வைஃபை போன்ற இடங்களுக்கான வகை அது. சாஃப்ட்வேரை நிறுவியவர் சர்வருக்கான ஃபயர்வால் அனுமதியை `Private network` வகைக்கு மட்டும் கொடுத்திருந்தால், அந்த அனுமதி இப்போது செல்லாது. மற்ற கணினிகளின் கோரிக்கையை டாக்டர் அறைக் கணினி வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஃபயர்வால்தானா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. ரிசப்ஷன் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்ட வேண்டும்:

```
Test-NetConnection 192.168.1.10 -Port 1433
```

1433 என்பது எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் வாசல் எண். புரோகிராம் வேறு தரவுத்தளத்தைப் பயன்படுத்தினாலோ வேறு வாசலை அமைத்திருந்தாலோ அந்த எண்ணைச் சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிவில் `TcpTestSucceeded : True` என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. `False` என்று வந்தால் வழியில் ஏதோ மறிக்கிறது. `ping` போட்டுப் பதில் வராததை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. விண்டோஸ் ஃபயர்வால் பல சமயங்களில் `ping`-க்குப் பதில் சொல்ல விடாது.

தீர்வு எளிது. டாக்டர் அறைக் கணினியில் `Settings` திறந்து, `Network & internet` பகுதியில் `Ethernet` என்பதைத் தேர்ந்து, அந்த நெட்வொர்க்கை `Private network` என்று மாற்ற வேண்டும். அதோடு ரிசப்ஷனில் பட்டியல் வந்துவிடும்.

செய்யக் கூடாதவை

அவசரத்தில் ஃபயர்வாலையே முழுவதுமாக அணைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த நிமிடம் புரோகிராம் திறக்கும். ஆனால் நோயாளிகளின் விவரம் அனைத்தும் இருக்கும் கணினிக்குக் காவலே இல்லாமல் போகும். காத்திருப்பவர்களுக்கும் அதே வைஃபையைக் கொடுத்திருக்கும் கிளினிக்கில் இது இன்னும் ஆபத்து. நோயாளிகளுக்கு வைஃபை கொடுக்க வேண்டுமென்றால் ரவுட்டரில் இருக்கும் `Guest` வசதியைத் தனியாகப் போட்டுக்கொடுக்க வேண்டும்.

இதைவிட மோசமானது இன்னொன்று. வெளியூரிலிருந்து சர்வருக்குள் வருவதற்கு வசதியாக, ரவுட்டரின் `Port Forwarding` பகுதியில் 1433-ஆம் வாசலை இணையத்துக்குத் திறந்துவைக்கச் சொல்லும் சப்போர்ட் ஊழியர்கள் இருக்கிறார்கள். அப்படித் திறந்த வாசல்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிரல்கள் உலகமெங்கும் இரவு பகலாக ஓடுகின்றன. கடவுச்சொல் எளிதாக இருந்தால் ஒருநாள் காலையில் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி திரையில் இருக்கும். கிளினிக்கின் உள்ளே மட்டும் ஓடும் டோக்கன் புரோகிராமுக்கு அந்த வாசல் தேவையே இல்லை. யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

கடிதத்தோடு திரைப்படம் எடுத்து அனுப்பும்போதும் கவனம் வேண்டும். நோயாளியின் பெயர், போன் எண், நோய் விவரம் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லைக் கடிதத்தில் எழுதாதீர்கள். ரிமோட்டில் வரும்போது நீங்களே தட்டிக்கொடுங்கள்.

அடுத்த முறை வராமல் இருக்க

ரவுட்டர் இன்னொரு முறையும் மாறும். இடி விழுந்து கருகலாம், நிறுவனத்தை நீங்களே மாற்றலாம். ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டாலும் அமைப்புகள் அழிந்து இதே கோளாறு திரும்பிவரும். இன்டர்நெட் நிறுவனத்தின் கருவிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் கிளினிக்குக்குச் சொந்தமான ஒரு ரவுட்டரை வைத்துக்கொள்வது நிலையான தீர்வு. அதன் உள் வரிசை, வெளியே இருக்கும் கருவியின் வரிசையோடு ஒத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வெளியே எந்தப் பெட்டி மாறினாலும் உள்ளே முகவரி மாறாது.

அது முடியாதவர்கள் ஒரு தாள் எழுதி வைத்துக்கொண்டாலே போதும். சர்வர் எந்தக் கணினி, அதன் முகவரி என்ன, ரவுட்டரின் முகவரி என்ன, எந்த வாசல் எண், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் எதிலிருந்து எதுவரை என்ற ஐந்து விவரங்கள் அதில் இருக்க வேண்டும். புரோகிராம் நன்றாக ஓடும் நாளில் `ipconfig` போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன பிறகு பழைய எண்ணை யாரும் சொல்ல முடியாது.

சாஃப்ட்வேர் நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை. சர்வருக்கு நிரந்தர எண்ணைப் பதிப்பது தவறல்ல, தேவையான வேலை. அதைச் சொல்லாமல் போவதுதான் தவறு. நிறுவி முடித்த அன்றே இந்த ஐந்து விவரங்களையும் அச்சிட்டு ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குவது கிளினிக்கின் உரிமையும்கூட. ரவுட்டர் மாற்ற ஆள் வந்தால், பழையதைக் கழற்றும் முன் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, “புதுசுலயும் இதே நம்பர் வெச்சுக் கொடுங்க” என்று சொல்லுங்கள். அவர் போவதற்கு முன் மூன்று கணினிகளையும் அணைத்துப் போட்டு, மூன்றிலும் டோக்கன் புரோகிராம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.